அழுத்தம் காட்டும் முள் 15-ஐத் தொட்டால் கருவி ஸ்டெரைல் ஆகிவிடுமா?

கிளினிக்கில் கருவிகளை நீராவியால் ஸ்டெரைல் செய்யும் ஆட்டோகிளேவ் என்ற இயந்திரத்தை இயக்குபவர்களிடம் "எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "15 பவுண்டு, 15 நிமிஷம்." மந்திரம் மாதிரி மனப்பாடமாக வைத்திருப்பார்கள். இந்தப் பதிலில் தப்பில்லை. ஆனால் அந்த 15 பவுண்டு எதற்கு, 15 நிமிடத்தை எப்போதிலிருந்து எண்ணுவது என்று அடுத்த கேள்வி கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அழுத்தம் கிருமியை நசுக்கிவிடும் என்று நம்புபவர்கள்கூட இருக்கிறார்கள். சுவிட்சைப் போட்ட நிமிடத்திலிருந்தே கணக்குப் போடுபவர்களும் உண்டு.

இந்தக் குழப்பத்தின் விலையை நோயாளி கொடுக்கிறார். அதனால் அடியிலிருந்து தொடங்குகிறேன். இயந்திரத்தின் பொத்தான்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. மூடிய பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்பது புரிந்துவிட்டால், எந்த ஆட்டோகிளேவாக இருந்தாலும் எங்கே கவனிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கொதிக்க வைத்தால் போதாதா?

முதலில் 'ஸ்டெரைல்' என்ற சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு பொருளின் மேல் பெருகக்கூடிய நுண்ணுயிர் எதுவுமே மிச்சமில்லாத நிலைதான் ஸ்டெரைல். 'பெரும்பாலான கிருமிகள் போய்விட்டன' என்பது வேறு, அது வெறும் தொற்றுநீக்கம். தோலைக் கிழித்து உள்ளே போகிற கத்திக்கும், தையல் ஊசியைப் பிடிக்கிற கருவிக்கும், பல் பிடுங்கும் குறட்டுக்கும் தொற்றுநீக்கம் போதாது.

கொதிக்கும் நீரின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸ். சாதாரண பாக்டீரியாக்களும் பெரும்பாலான வைரஸ்களும் அதில் சில நிமிடங்களில் செத்துவிடும். சிக்கல் எங்கே என்றால், சில பாக்டீரியாக்களுக்கு ஒரு தப்பிக்கும் வழி இருக்கிறது. சூழல் மோசமானால் அவை தங்கள் மரபுப்பொருளைச் சுற்றித் தடித்த உறைகளைக் கட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் நீரைக் குறைத்துக்கொண்டு, உறக்கத்துக்குப் போய்விடும். இந்த உறங்கும் வடிவத்துக்கு ஸ்போர் என்று பெயர். உலர்ந்த விதை எத்தனையோ மாதம் சும்மா கிடந்துவிட்டு ஈரம் பட்டதும் முளைக்கிற மாதிரி, ஸ்போரும் நல்ல சூழல் கிடைத்ததும் மறுபடி பாக்டீரியாவாகிவிடும். டெட்டனஸ் நோயைத் தரும் கிளாஸ்ட்ரிடியம் டெட்டானி இப்படி ஸ்போர் உண்டாக்கும் வகை. காயத்துக்குள் அது முளைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கொதிநீர் ஸ்போர்களை நம்பகமாகக் கொல்லாது. எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் நீர் 100 டிகிரியைத் தாண்டாது, அடுப்பைக் கூட்டினால் வேகமாக ஆவியாகுமே தவிர இன்னும் சூடாகாது. ஆகவே 100-க்கு மேலே போக வேறு வழி வேண்டும்.

அழுத்தம் எதற்கு?

அந்த வழி பிரஷர் குக்கரைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். திறந்த பாத்திரத்தில் நீராவி தப்பித்துப் போகிறது. மூடி இறுக்கினால் நீராவி உள்ளேயே சேர்ந்து நீரின் மேற்பரப்பை அழுத்துகிறது. அழுத்தம் கூடினால் நீர் கொதிக்க இன்னும் அதிகச் சூடு தேவைப்படும். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு ஏற்றினால், நீர் சுமார் 121 டிகிரியில் கொதிக்கும். அதிலிருந்து வரும் ஆவியும் 121 டிகிரியில் இருக்கும். 30 பவுண்டு ஏற்றினால் சுமார் 134.

பிரெஞ்சுக்காரரான டெனிஸ் பாப்பின் 1679-இல் இப்படி இறுக்கி மூடிய நீராவிப் பாத்திரத்தைச் செய்து காட்டினார். லூயி பாஸ்டருடன் வேலை செய்த சார்லஸ் சாம்பர்லாண்ட் 1879 வாக்கில் அதைக் கிருமிகளுக்கு எதிராகத் திருப்பினார். அதுதான் ஆட்டோகிளேவ்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தக் கதையில் அழுத்தம் ஒரு ஏணி மட்டும்தான். 15 பவுண்டு அழுத்தத்தால் எந்த ஸ்போரும் சாகாது. கடலின் ஆழத்தில் இதைவிடப் பல மடங்கு அழுத்தத்தில் பாக்டீரியாக்கள் நிம்மதியாக வாழ்கின்றன. நீராவியை 121 டிகிரிக்குக் கொண்டுபோவதற்கு அழுத்தம் வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை.

இதுவரை சொன்னது: ஸ்போர்களைக் கொல்ல 100 டிகிரி போதாது. நீராவியை 121 டிகிரிக்கு ஏற்றவே அழுத்தத்தைக் கூட்டுகிறோம். கொல்லும் வேலையைச் சூடான நீராவி செய்கிறது.

அதே சூடு, ஆனால் காற்றில்

அப்படியானால் காற்றையே 121 டிகிரிக்குச் சூடாக்கிக் கருவியை வைத்துவிடலாமே? வைக்கலாம். ஆனால் 15 நிமிடம் போதாது, பல மணி நேரம் ஆகும். உலர் வெப்ப அடுப்புகளில் 160 டிகிரிக்கு ஏற்றியும் இரண்டு மணி நேரம் வைக்கிறார்கள். அதே சூடுதான், ஏன் இந்த வித்தியாசம்?

அடுப்புப் பெட்டியைத் திறந்து, 160 டிகிரிக் காற்றுக்குள் எதையும் தொடாமல் ஓரிரு நொடி கையை நீட்டி எடுத்தால் அனல் தெரியும், ஆனால் தோல் வேகாது. கொதிக்கும் கெட்டிலின் மூக்கிலிருந்து வரும் 100 டிகிரி ஆவி விரலில் பட்டால் அந்தக் கணமே கொப்புளம். குறைந்த சூட்டில் அதிகக் காயம்.

காரணம் நீராவி தனக்குள் பூட்டி வைத்திருக்கும் வெப்பம். ஒரு கிராம் நீரைப் பனிக்கட்டிக் குளிரிலிருந்து 100 டிகிரி வரை சூடாக்க சுமார் 420 ஜூல் போதும். ஆனால் 100 டிகிரியில் இருக்கும் அதே ஒரு கிராமை ஆவியாக்க மேலும் 2,257 ஜூல் வேண்டும், ஐந்து மடங்குக்கும் மேல். தெர்மாமீட்டரில் ஒரு டிகிரிகூட ஏறாமல் இந்த வெப்பம் முழுவதும் ஆவிக்குள் போய்விடுகிறது. இதை உள்ளுறை வெப்பம் என்கிறோம். ஆவி குளிர்ந்த பொருளின் மேல் பட்டு மறுபடி நீர்த்துளியாக மாறும்போது, கடன் வாங்கியதை எல்லாம் அந்த இடத்திலேயே கொட்டிவிட்டுப் போகும்.

ஆட்டோகிளேவுக்குள் இருக்கும் குளிர்ந்த கத்தரிக்கோலின் மேல் இதுதான் நடக்கிறது. ஆவி உலோகத்தில் பட்டு நீராகிறது, வெப்பம் உலோகத்துக்குப் போகிறது. நீரானதும் அது 121 டிகிரி ஆவியாக அடைத்திருந்த இடத்தில் 800-இல் ஒரு பங்குகூட மிஞ்சாது. காலியான இடத்தை நிரப்பப் புதிய ஆவி தானாகப் பாய்ந்து வரும், அதுவும் நீராகும். கருவி ஆவியின் சூட்டை எட்டும்வரை இந்தப் பாய்ச்சல் ஓயாது. காற்றுக்கு இப்படி ஒரு குணமே கிடையாது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. சுருங்கிய துணியை உலர்ந்தபடி தேய்த்துப் பாருங்கள், பிறகு கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் தேய்த்துப் பாருங்கள். அதே இஸ்திரிப் பெட்டி, அதே சூடு. ஈரத்தில் சுருக்கம் சட்டென்று விட்டுவிடும். நூலிழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகளை நீர் தளர்த்திவிடுவதால் அப்படி. கிருமியின் உடலில் இருக்கும் புரதங்களும் மடிப்பு மடிப்பாக இப்படிப்பட்ட பிணைப்புகளால்தான் நிற்கின்றன. ஈரமும் சூடும் சேர்ந்தால் மடிப்பு கலைந்து புரதம் திரிந்துவிடும், உயிர் போய்விடும். உலர்ந்த சூட்டுக்கு அந்த உதவி இல்லை. அது கிருமியைக் கிட்டத்தட்டக் கருக்கித்தான் கொல்ல வேண்டும்.

அதனால் ஆட்டோகிளேவுக்கு வேண்டியது நிறைவுற்ற நீராவி, அதாவது காற்றுக் கலப்பில்லாமல், சற்றே குளிர்ந்தாலும் நீராகிவிடும் நிலையில் இருக்கும் ஆவி. கட்டுரையின் மிச்சத்தில் பெரும்பகுதி 'காற்றுக் கலப்பில்லாமல்' என்ற அந்த நிபந்தனையைப் பற்றித்தான்.

15 நிமிடம் எங்கிருந்து வந்தது?

சூடு பட்டால் கிருமிகள் எல்லாம் ஒரே நொடியில் சாவதில்லை, விகிதக் கணக்கில் குறைந்துகொண்டே போகின்றன. குறிப்பிட்ட ஒரு சூட்டில் பத்தில் ஒன்பது பங்கு சாக ஆகும் நேரத்தை டி மதிப்பு என்பார்கள். ஆட்டோகிளேவைச் சோதிக்கப் பயன்படும் ஜியோபாசிலஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர் வெப்பத்தைத் தாங்குவதில் மிகவும் கெட்டியானது. 121 டிகிரி நீராவியில் அதன் டி மதிப்பு 1.5 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். சிலவற்றுக்கு இதைவிடக் கொஞ்சம் அதிகம் இருக்கும்.

பத்து லட்சம் ஸ்போரோடு தொடங்கினால், 1.5 நிமிடத்தில் ஒரு லட்சம் மிச்சம். 3 நிமிடத்தில் பத்தாயிரம். இப்படியே போனால் 9 நிமிடத்தில் ஒன்று மிச்சம். 'ஒன்றில் பத்தில் ஒரு பங்கு' என்று ஒரு ஸ்போர் கிடையாது, அதனால் இதற்குப் பிறகு கணக்கு வாய்ப்பாக மாறுகிறது. 10.5 நிமிடத்தில், பத்துத் தடவை செய்தால் ஒரு தடவை ஒரு ஸ்போர் தப்பலாம். 15 நிமிடத்தில் அது பத்தாயிரத்தில் ஒரு தடவையாகிவிடும். நன்றாகக் கழுவிய கருவியில் பத்து லட்சம் ஸ்போர் இருக்காது. நூறு இருக்கிறது என்று வைத்தால், அதே 15 நிமிடத்தில் தப்பும் வாய்ப்பு பத்துக் கோடியில் ஒன்று.

கழுவுவதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறார்கள் என்பதற்கும் இந்தக் கணக்கே பதில். எத்தனை கிருமியோடு உள்ளே போகிறதோ அதைப் பொறுத்துத்தான் முடிவு. அதோடு, கத்தரிக்கோலின் மூட்டில் காய்ந்த ரத்தம் ஒட்டியிருந்தால் அதன் அடியில் இருக்கும் ஸ்போரை ஆவி தொடவே தொடாது. அழுக்கான கருவியை ஆட்டோகிளேவில் வைத்தால் அழுக்கு வெந்து உலோகத்தோடு இன்னும் இறுகிக்கொள்ளும்.

சூடு கொஞ்சம் மாறினால் நேரம் நிறைய மாறும். தோராயமாக 10 டிகிரி கூடினால் பத்து மடங்கு வேகமாகச் சாகும், 10 டிகிரி குறைந்தால் பத்து மடங்கு மெதுவாகும். அதனால்தான் 134 டிகிரியில் 3 நிமிடமே வைக்கிறார்கள். கணக்குப்படி பார்த்தால் ஒரு நிமிடம்கூட வேண்டாம், மிச்சம் பாதுகாப்புக்காக.

இதுவரை சொன்னது: நீராவி கருவியின் மேல் நீராகும்போது வெப்பத்தைக் கொட்டுகிறது, ஈரமும் தருகிறது. 121 டிகிரியில் 15 நிமிடம் அல்லது 134 டிகிரியில் 3 நிமிடம் என்பது அந்த ஈரமான சூடு கருவியின் எல்லா இடத்தையும் தொடுகிறது என்ற நிபந்தனையோடு சொன்ன கணக்கு.

உள்ளே மாட்டிக்கொண்ட காற்று

மூடியை இறுக்கும்போது பாத்திரம் காலியாக இல்லை, காற்று நிரம்பி இருக்கிறது. அதை வெளியேற்றாமல் சூடாக்கினால் ஆவியும் காற்றும் கலந்து அழுத்தத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். முள்ளுக்கு இரண்டின் வித்தியாசம் தெரியாது, மொத்த அழுத்தத்தைத்தான் காட்டும். ஆனால் சூட்டை நிர்ணயிப்பது ஆவியின் பங்கு மட்டுமே.

காற்று முழுவதும் போயிருந்தால் 15 பவுண்டில் 121 டிகிரி. பாதிக் காற்று உள்ளே நின்றுவிட்டால், அதே 15 பவுண்டில் சுமார் 112 டிகிரிதான் இருக்கும். காற்றைத் துளிகூட வெளியேற்றாமல் விட்டால் முள் 15-இல் நிற்கும், உள்ளே 100 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். அதற்குப் பாத்திரத்தில் கொதிக்க வைத்திருக்கலாம்.

112-க்கும் 121-க்கும் 9 டிகிரிதானே வித்தியாசம் என்று தோன்றும். மேலே சொன்ன விகிதத்தைப் போட்டுப் பாருங்கள். 9 டிகிரி குறைந்தால் கிருமி சாகும் வேகம் எட்டில் ஒரு பங்காகிறது. 121-இல் 15 நிமிடத்தில் நடக்கும் வேலைக்கு 112-இல் இரண்டு மணி நேரம் வேண்டும். நாம் 15 நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிடுகிறோம். முள்ளும் சரியாக இருந்தது, கடிகாரமும் சரியாக இருந்தது, வேலை மட்டும் எட்டில் ஒரு பங்குதான் முடிந்திருக்கிறது.

காற்று எங்கே தங்கும் என்பதும் முக்கியம். ஒரே சூட்டில் காற்று நீராவியைவிடக் கனமானது, ஆகவே கீழே இறங்கும். எளிய ஆட்டோகிளேவுகள் இந்தக் குணத்தையே பயன்படுத்திக்கொள்கின்றன. மேலே சேரும் ஆவி காற்றைக் கீழே தள்ளும், அடியில் இருக்கும் வடிகுழாய் வழியாகக் காற்று போகும். சிறிய குக்கர் வகையில் வால்வைத் திறந்து வைத்து, பலமாகக் கிளம்பும் ஆவியோடு காற்றையும் துரத்த வேண்டும். பெரிய இயந்திரங்களில் ஒரு பம்பு காற்றைப் பல தடவை உறிஞ்சி எடுத்துவிட்டு ஆவியை விடும். குழாய் போன்ற உள்துளை உள்ள கருவிகளுக்கும், தடித்த துணிக்கட்டுகளுக்கும் அந்த வெற்றிட வகைதான் சரி. தானாகக் கீழே இறங்கும் காற்றை நம்பி நீண்ட மெல்லிய துளைக்குள் ஆவி போகும் என்று எதிர்பார்க்க முடியாது.

என் மனதில் பதிந்துபோன ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு சிறிய கிளினிக்கில் தையல் கருவிகளை ஒரு ஸ்டீல் பெட்டியில் வைத்து, மூடியை இறுக்கமாகப் பொருத்தி, வெளியே ஆவி பட்டால் கோடுகள் கருக்கும் இண்டிகேட்டர் டேப் ஒட்டி, ஆட்டோகிளேவில் வைப்பார்கள். பெட்டியில் ஒரு துளைகூட இல்லை. 15 பவுண்டு, 15 நிமிடம். டேப்பில் கோடுகள் நன்றாகக் கருத்திருக்கும். ஒரு நாள் சோதனைக்காக ஸ்போர் தடவிய காகிதப் பட்டை ஒன்றைப் பெட்டிக்குள்ளும், இன்னொன்றை வெளியே தட்டிலும் வைத்தோம். வெளியே இருந்ததில் எதுவும் வளரவில்லை. உள்ளே இருந்ததில் வளர்ந்துவிட்டது.

"டேப் கருப்பாத்தானே அக்கா வந்தது?" என்று கருவிகளைக் கவனிக்கும் பெண் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவள் ஒரு படியையும் தவறவிட்டிருக்கவில்லை, சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்திருந்தாள். அவளுக்கு யாரும் சொல்லாதது ஒன்றே ஒன்றுதான். மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்குப் போக வழியில்லை, வெளியே இருக்கும் ஆவிக்கு வர வழியில்லை. உலோகச் சுவர் வழியாகச் சூடு உள்ளே போயிருக்கும், ஆனால் உள்ளே இருந்தது உலர்ந்த சூடான காற்று. உலர் சூட்டுக்குப் பல மணி நேரம் வேண்டும் என்று முன்பே பார்த்தோம். அந்தப் பெட்டி ஆட்டோகிளேவுக்குள் இருந்த ஒரு சின்ன உலர் அடுப்பு.

துளையிட்ட தட்டில் கருவிகளைப் பரப்பி, ஆவி புகும் உறையில் சுற்றி, நேரத்தை 30 நிமிடமாக்கி மறுபடி சோதித்தோம். எதுவும் வளரவில்லை.

கிண்ணத்தை நிமிர்த்தி வைப்பதிலும் இதே சிக்கல். காற்று கனம் என்பதால் நிமிர்ந்த கிண்ணத்தில் தண்ணீர் மாதிரித் தேங்கி நிற்கும். அதையே பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் காற்று வழிந்து போய்விடும், நீரும் தேங்காது.

ஒரு சுற்றை முழுதாகப் பார்ப்போம்

காற்றை வால்வு வழியாக வெளியேற்றும் எளிய வகை ஆட்டோகிளேவில், ஒரு பக்கம் காகிதமும் மறுபக்கம் பிளாஸ்டிக்குமான உறைகளில் இட்ட ஆறு தையல் செட்டுகளை வைப்பதாக எடுத்துக்கொள்வோம். கருவிகள் பிரஷால் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, மூட்டுகள் திறந்த நிலையில் இருக்கின்றன. கத்தரிக்கோலும் குறடும் பூட்டிய நிலையில் போனால் இரண்டு வாய்களும் சேரும் இடத்துக்குள் ஆவி போகாது.

உறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தக அலமாரி மாதிரி விளிம்பில் நிறுத்தி, இடையே விரல் போகும் அளவு இடம் விடுங்கள். உறையின் பிளாஸ்டிக் பக்கம் ஆவியை விடாது, காகிதப் பக்கம்தான் விடும். இரண்டு காகிதப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டால் இரண்டுமே அடைபட்ட மாதிரிதான். நீரை அதற்கான கோடு வரை காய்ச்சி வடித்த நீராக ஊற்றுங்கள். சாதாரணக் குழாய்நீரில் இருக்கும் உப்பு கருவியில் கறையாகப் படியும், வால்வையும் அடைக்கும்.

மூடி, சூடாக்கத் தொடங்கினால் திறந்த வால்விலிருந்து முதலில் காற்று விட்டுவிட்டுச் சீறும். அப்புறம் துப்பல் நின்று, ஒரே சீராக, பலமாக ஆவி வரும். அது வந்தவுடனே வால்வை மூடிவிட அவசரப்பட வேண்டாம். அந்தச் சீரான பாய்ச்சல் 5 முதல் 10 நிமிடம் ஓடட்டும், உங்கள் இயந்திரத்தின் கையேடு சொல்லும் நேரம் வரை. முழுச் சுற்றிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த 10 நிமிடம்தான். நெரிசலான நாட்களில் முதலில் காணாமல் போவதும் இதுதான்.

வால்வை மூடிய பிறகு அழுத்தம் ஏறும். தெர்மாமீட்டர் இருந்தால் முள்ளோடு சேர்த்து அதையும் பாருங்கள். அழுத்தம் 15, சூடு 121 என்று இரண்டும் ஒத்துப்போனால் உள்ளே இருப்பது நல்ல ஆவி. அழுத்தம் 15 காட்டும்போது சூடு 113-இல் தயங்கினால் உள்ளே காற்று இருக்கிறது என்று அர்த்தம். மலைப்பகுதியில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு என்பதால் அங்கே 15 பவுண்டு காட்டும்போது சூடு 121-ஐ எட்டாது. அங்கே அழுத்தத்தைக் கொஞ்சம் கூடுதலாக வைக்க வேண்டும், அதனாலும் தெர்மாமீட்டரைத்தான் நம்ப வேண்டும்.

இரண்டும் எட்டிய நிமிடத்திலிருந்துதான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. இந்தச் சூட்டில் நிறுத்தி வைக்கும் காலத்துக்கு ஹோல்டிங் நேரம் என்று பெயர். உறையில்லாத உலோகக் கருவிக்கு 121 டிகிரியில் 15 நிமிடம். உறையிட்டதற்கு இந்த வகை இயந்திரத்தில் 30 நிமிடம், ஏனென்றால் உறைக்குள் இருக்கும் காற்று போய், உள்ளே இருக்கும் கருவியும் சூடாகக் கூடுதல் நேரம் பிடிக்கும். நடுவில் மின்சாரம் போய்ச் சூடு 121-க்குக் கீழே இறங்கிவிட்டால், விட்ட இடத்திலிருந்து எண்ணக் கூடாது. முதலிலிருந்து எண்ண வேண்டும்.

நேரம் முடிந்ததும் ஆவியை வெளியேற்றி, முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகே மூடியைத் தொட வேண்டும். பிறகு மூடியை லேசாகத் திறந்து வைத்து 20, 30 நிமிடம் உலர விடுங்கள். சூடேற்றுவது, காற்றை விடுவது, ஹோல்டிங், உலர்த்துவது எல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். அந்த '15 நிமிஷம்' இதில் ஒரு துண்டுதான்.

உலர்த்துவதைப் பலர் அலங்காரம் மாதிரி நினைக்கிறார்கள். ஈரமான காகிதத்தில் நீர் இழைகளின் வழியாக ஊறிப் போகும். வெளியே கை பட்ட இடத்தில் இருக்கும் கிருமியையும் அந்த நீர் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அதனால் ஈரமாக வெளியே வந்த பொட்டலத்தை ஸ்டெரைல் என்று கணக்கில் எடுக்கவே கூடாது. பிரித்து, புதிய உறை போட்டு, திரும்ப வைக்க வேண்டும்.

இதுவரை சொன்னது: முள்ளும் தெர்மாமீட்டரும் ஒத்துப்போன பிறகே ஹோல்டிங் நேரம் தொடங்குகிறது. அதற்கு முன் காற்று முழுவதும் போயிருக்க வேண்டும், அதற்குப் பின் பொட்டலம் முழுவதும் உலர்ந்திருக்க வேண்டும்.

ஸ்டெரைல் ஆனதை எப்படித் தெரிந்துகொள்வது?

கண்ணால் தெரியாது. அதனால் மூன்று வகைச் சாட்சிகளை வைத்துக்கொள்கிறோம், மூன்றும் ஒரே தரத்தவை இல்லை.

முதலாவது, வெளியே ஒட்டும் டேப். சூடான ஆவி பட்டதும் அதன் கோடுகள் கருக்கும். இந்தப் பொட்டலம் ஆட்டோகிளேவுக்குப் போய் வந்தது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. போகாததோடு போனது கலந்துவிடாமல் இருக்க அது மிக உதவும். ஆனால் எவ்வளவு நேரம் சூட்டில் இருந்தது, உள்ளே ஆவி போனதா என்பதெல்லாம் டேப்புக்குத் தெரியாது. அந்த ஸ்டீல் பெட்டியின் டேப் பொய் சொல்லவில்லை, வெளியே ஆவி இருந்தது என்றுதான் சொன்னது.

இரண்டாவது, பொட்டலத்துக்குள் கருவிகளோடு வைக்கும் ரசாயனப் பட்டை. சூடு, நேரம், ஆவி மூன்றும் சேர்ந்து போதுமான அளவு இருந்தால்தான் நிறம் முழுதாக மாறும் வகைகள் கிடைக்கின்றன. இதை ஆவி போகக் கடினமான இடத்தில், அதாவது பொட்டலத்தின் நடுவில் வைக்க வேண்டும். எளிதான இடத்தில் வைத்தால் சுலபமான கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கும்.

மூன்றாவதுதான் உயிருள்ள சாட்சி, மேலே சொன்ன ஜியோபாசிலஸ் ஸ்போர். சின்னக் குப்பிகளில் பட்டையோடு, ஊட்டத் திரவத்தோடு வருகிறது. சுற்று முடிந்ததும் குப்பியை நசுக்கி, உள்ளே இருக்கும் திரவத்தை ஸ்போரோடு கலக்கவிட்டு, 55 முதல் 60 டிகிரியில் ஒன்றிரண்டு நாள் வைப்பார்கள். ஸ்போர் உயிரோடு இருந்தால் வளர்ந்து, அமிலம் உண்டாக்கி, ஊதா நிறத் திரவத்தை மஞ்சளாக்கும். விரைவில் முடிவு தரும் வகைகளும் இருக்கின்றன. கூடவே ஆட்டோகிளேவில் வைக்காத ஒரு குப்பியையும் அதே மாதிரி வளர்க்க வேண்டும். அது மஞ்சளாகத்தான் வேண்டும். அதுவும் ஊதாவாகவே இருந்தால் ஸ்போர் முதலிலேயே செத்திருக்கிறது, சோதனையே செல்லாது. வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்தச் சோதனையைச் செய்வது நல்ல பழக்கம்.

ஆட்டோகிளேவில் வைத்த குப்பி மஞ்சளாகிவிட்டால் இயந்திரத்தை நிறுத்திவையுங்கள். கடைசியாகச் சரி என்று வந்த சோதனைக்குப் பிறகு வைத்த பொட்டலங்களில் இன்னும் பயன்படுத்தாதவற்றை எல்லாம் திரும்ப எடுத்துவிடுங்கள். பிறகு காற்று வெளியேறும் வழி, மூடியை இறுக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட், அடுக்கிய விதம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எந்தப் பொட்டலம் எந்தச் சுற்றில் போனது என்று தெரிந்தால்தான் இது சாத்தியம். அதனால் ஒவ்வொரு உறையிலும் தேதியும் சுற்று எண்ணும் எழுதுங்கள், ஒரு நோட்டில் ஒவ்வொரு சுற்றின் அழுத்தம், சூடு, ஹோல்டிங் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் நான்கையும் குறித்து வையுங்கள். அந்தக் கிளினிக்கில் இப்போது நோட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள்: ஆவி சீராக வந்த நேரம். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பொட்டலத்தை அலமாரியில் வைக்க மாட்டார்கள்.